பால்கனி டிவி: பெட்டியைத் தேடுவதற்கு முன் சுவரைப் பாருங்கள்

சிங்கப்பூரில் பாசிர் ரிஸ் பக்கம் புதிதாகக் குடிபோன என் அக்கா வீட்டில், பால்கனிக்கு ஒரு டிவி வேண்டும் என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். ஏழாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. நான்கு மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். கடல் நடந்து போகிற தூரம்தான். நான் பல ஆண்டுகளாக வீடுகளில் டிவி மாட்டுவதும் பழுது பார்ப்பதுமாக இருப்பவன் என்பதால், மூன்று பெட்டிகளின் விவரத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். மூன்றும் 55 அங்குலம். ஒன்று 700 வெள்ளிக்குச் சாதாரண எல்இடி. இன்னொன்று அதைப்போல் இரு மடங்கு விலையில் வெளிச்சம் கூடிய மினி எல்இடி. மூன்றாவது, வெளிப்புறத்துக்கென்றே செய்த டிவி, ஏறக்குறைய 5,000 வெள்ளி.

“தம்பி, மூன்றில் எதை எடுக்கலாம்?” என்றார். “எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள் அத்தான்?” என்று கேட்டேன். அதை அவர் யோசித்திருக்கவில்லை. கடையில் யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது.

அவர் மனத்தில் இருந்தது, வீட்டுச் சுவரில் திரை வெளியே வானத்தைப் பார்த்தபடி மாட்டுவது. கம்பித் தடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்க்கலாம் என்ற எண்ணம். இன்னொரு வழி, பால்கனியின் குறுக்கே உள்ள பக்கச் சுவரில் மாட்டி, நீளவாக்கில் உட்கார்ந்து பார்ப்பது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் போனேன்.

அக்காவின் டேப்லட்டை அணைத்து, வீட்டுச் சுவரில் டிவி வரப்போகும் உயரத்தில் பிடித்துக்கொண்டேன். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். அதில் வெள்ளை வெளேரென்று வானம் தெரிந்தது, எதிர்ப் புளோக்கின் விளிம்பு தெரிந்தது, நடுவில் அவருடைய தலை நிழலாகத் தெரிந்தது. அப்புறம் அதே டேப்லட்டைப் பக்கச் சுவரில் பிடித்தேன். எதிர்ச் சுவரின் பழுப்பு வண்ணம் மங்கலாகத் தெரிந்ததே தவிர, கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. டிவி ஓடும்போது இருட்டான காட்சிகளின் மேல் படியப்போவது இந்தப் பிம்பம்தான். பால்கனிக்கு டிவி வாங்க நினைக்கும் எல்லாரும் இந்தச் சோதனையை ஒரு முறை செய்துவிடலாம். எந்த நேரத்தில் டிவி பார்ப்பீர்களோ அந்த நேரத்தில் செய்ய வேண்டும்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அலகில் சொல்வார்கள். சாதாரண எல்இடி டிவி 300 முதல் 400 நிட் தரும். மேகம் மூடிய பகல் வானம் நம் ஊரில் 5,000 நிட் இருப்பது சாதாரணம். பூச்சு எதுவும் இல்லாத வழுவழுப்பான கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். 5,000-இல் 4 விழுக்காடு 200 நிட். அதாவது, வானம் பார்த்த திரையில் கறுப்பு என்று எதுவும் இருக்காது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் 200 நிட் சாம்பல் நிறம்தான் இருக்கும். 350 நிட் டிவியின் வெள்ளை, பிம்பத்தையும் சேர்த்து 550. கறுப்பைப்போல் வெள்ளை மூன்று மடங்குகூட இல்லை. கிரிக்கெட் ஆட்டக்காரரின் முகம் தொப்பியின் நிழலில் காணாமல் போய்விடும். சரி, 1,000 நிட் தரும் வெளிப்புற டிவியை அதே இடத்தில் வைத்தால்? வெள்ளை 1,200, கறுப்பு 200. ஆறு மடங்கு. பார்க்க முடியும், அவ்வளவுதான்.

பக்கச் சுவரில் திரைக்கு எதிரே இருப்பது வண்ணம் பூசிய சுவர். நிழலில் இருக்கும் அந்தச் சுவர் பகலில் 300 நிட்டுக்குச் சற்று மேலே இருக்கும். அதில் 4 விழுக்காடு 13 நிட். அங்கே அதே 350 நிட் சாதாரண டிவி, கறுப்பைப்போல் 28 மடங்கு வெள்ளை தரும். வானத்தைப் பார்க்கும் 5,000 வெள்ளி டிவியைவிட, பக்கச் சுவரில் உள்ள 700 வெள்ளி டிவி நான்கு மடங்குக்கும் மேல் தெளிவாக இருக்கும். பிம்பம் குறைக்கும் பூச்சு உள்ள திரைகளில் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் எந்த இடம் முந்தும் என்பது மாறாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டியதும் அத்தான் வீட்டுச் சுவரை மறந்துவிட்டார்.

இருப்பது இரண்டு பக்கச் சுவர்கள், தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று. தெற்குச் சுவரில் ஏற்கெனவே மின்செருகி இருந்தது. அதனால் அக்கா அதைத்தான் சொன்னார். நான் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள். முதல் காரணம் வெயில். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை கூட இல்லாத தூரத்தில் இருக்கிறோம். அதனால் சூரியன் ஆண்டில் பாதி நாள் வடக்குப் பக்கமாகவும் பாதி நாள் தெற்குப் பக்கமாகவும் சாய்ந்து மறைகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அது வடமேற்கில் இறங்கும். அப்போது மேற்குப் பால்கனியின் தெற்குச் சுவரில் சாய்வான வெயில் விழும், வடக்குச் சுவரில் விழாது. அக்டோபரிலிருந்து மார்ச் நடுவரை நேர்மாறு.

அத்தானுக்கு வேண்டியது ஐபிஎல். அது மார்ச் கடைசியில் தொடங்கி மே மாதம் முழுக்க நடக்கும். இந்தியாவில் மாலை 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 10 மணி. அந்த நேரத்தில் பகல் வெளிச்சம் என்ற பேச்சே இல்லை. ஆனால் வார இறுதியில் அங்கே பிற்பகல் 3.30-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மாலை 6 மணி. ஏழு மணியை ஒட்டித்தான் இங்கே சூரியன் மறையும். ஆறு மணிக்கு அது மிகவும் தாழ்ந்து நிற்பதால், மேல்தளத்தின் கீழே புகுந்து பால்கனியின் உள்மூலை வரை வெயில் வரும். ஆகவே அந்த மாதங்களில் நேர்வெயில் படாத வடக்குச் சுவர்தான் சரி. எதிரே தெற்குச் சுவர் அப்போது பளிச்சென்று இருக்கும் என்பது உண்மைதான். அதற்கு இறக்கி ஏற்றும் திரைச்சீலை போதும். டிசம்பரில் மாலை நேரம் டிவி பார்ப்பவர்களுக்கு இதே கணக்கு தலைகீழாக வரும்.

திரையில் நேர்வெயில் விழுவதால் படம் தெரியாமல் போவது மட்டும் அல்ல பிரச்சினை. கறுப்புத் திரை வெயிலை அப்படியே உறிஞ்சி, காற்றைவிட மிக அதிகமாகச் சூடாகும். ஓரளவுக்கு மேல் சூடேறினால் உள்ளே இருக்கும் திரவப் படிகம் வேலை செய்வதை நிறுத்திவிடும். திரையில் ஒரு கரிய திட்டு தோன்றி மெதுவாகப் பரவும். நிழல் வந்து ஆறியதும் அது மறைந்துவிடுவதால் பலர் பயப்படுவதில்லை. ஆனால் தினமும் அப்படி நடந்தால் திரையின் முன்படலம் மஞ்சளித்து, உரியவும் தொடங்கும். ஓலெட் டிவியைப் பால்கனிக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. முழுத்திரையும் வெளிச்சமான காட்சிகளில் அதன் வெளிச்சம் இறங்கிவிடும். வெப்பம் அதன் வயதையும் குறைக்கும்.

தெற்குச் சுவரை நான் மறுத்ததற்கு இரண்டாவது காரணம், அதன் மறுபக்கம் படுக்கையறை. இரவு முழுக்க 22 பாகையில் ஏர்கான் ஓடும் அறை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஈரப்பதத்தைப் பற்றி நான் கேட்கும் பேச்சில் பாதி தவறான இடத்தில் கவலைப்படுகிறது.

சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். விடிவதற்கு முன் 90-ஐத் தாண்டும், மழை இல்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். பல டிவிகளின் கையேட்டில் 80 விழுக்காடு வரை, அதுவும் நீர் பூக்காத இடத்தில் மட்டும், என்று போட்டிருக்கும். அப்படியானால் பால்கனியில் வைத்த எல்லா டிவியும் சில மாதங்களில் போயிருக்க வேண்டும். போவதில்லை. காரணம், காற்றில் உள்ள ஈரம் தானாகத் தண்ணீராக மாறிவிடாது. அது படியும் பொருள் ஏறக்குறைய 24, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்திருந்தால்தான் பனிபோல் பூக்கும். திறந்த பால்கனியில் இருக்கும் டிவி சுற்றியுள்ள காற்றின் சூட்டிலேயே இருக்கும், ஓடும்போது அதைவிடச் சூடாக இருக்கும். அதன்மேல் நீர் பூக்க வழி இல்லை.

ஏர்கான் வரும்போதுதான் வழி பிறக்கிறது. ஏர்கான் ஓடும் அறையின் சன்னல் கண்ணாடி, காலையில் வெளிப்புறம் வியர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏர்கான் காற்று நேராகப் படும் சுவருக்கும் அதே கதிதான், மறுபக்கத்தில் சாம்பல் பூசணம் வருவதும் அதனால்தான். அந்தச் சுவரை ஒட்டி டிவியை மாட்டினால், இடுக்கில் காற்றோட்டமும் இல்லாமல், குளிர்ந்த சுவருக்கும் மின்பலகைக்கும் நடுவே ஈரம் தங்கும். இதனால்தான், எப்போதும் திறந்தே கிடக்கும் பால்கனியைவிட, கண்ணாடிக் கதவுகளால் மூடி சில நேரம் ஏர்கான் போட்டு, அப்புறம் கதவைத் திறந்துவிடும் அரைகுறை அறை டிவிக்கு மோசமானது. குளிர்ந்திருந்த பெட்டிக்குள் வெளிக்காற்று புகுந்ததும் உள்ளே நீர் பூத்துவிடும். அப்படிப்பட்ட அறை உள்ளவர்கள் ஏர்கானை நிறுத்திவிட்டு, அறை சூடாகும் வரை ஒரு மணி நேரம் டிவியைப் போடாமல் இருப்பது நல்லது. சக்கரம் வைத்த தாங்கியில் வரவேற்பறை டிவியை வெளியே தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் பால்கனியில் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அந்தச் சக்கரத் தாங்கியே போதும், தனியாக ஒரு டிவி வாங்கத் தேவையில்லை.

அக்கா வீட்டுக்கு இன்னொரு தொல்லை, கடல். உப்புக்கு ஒரு குணம் உண்டு. ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். நம் ஊரில் அநேகமாக எல்லா இரவும் 75-ஐத் தாண்டும். ஆக, கடற்காற்று கொண்டுவந்து படிய வைத்த உப்புத்தூசி, பகலில் உலர்ந்து, இரவில் நனைந்து, மறுநாள் மறுபடி உலர்கிறது. டிவிக்குள் இருக்கும் உலோகத்தை அரிப்பது பெரும்பாலும் இதுதான். விரைவுச்சாலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்குப் பதிலாகக் கரித்தூசி, கட்டுமான இடத்துக்குப் பக்கத்தில் சிமெண்ட் தூசி. செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் அதுவும் சேரும். தூசி உலர்ந்து கிடக்கும்வரை பெரிய தீங்கு இல்லை. ஈரத்தோடு சேரும்போதுதான் மின்சாரம் கசிய வழி போடுகிறது.

பல்லியையும் சொல்லிவிடுகிறேன். பால்கனியிலிருந்து வந்த பழுதான டிவிகளைத் திறக்கும்போது, மின்பலகையின் குறுக்கே கருகிப்போன பல்லியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். டிவியின் பின்பக்கம் இதமான சூடு, காற்றுத் துளைகள் வழியே பல்லிக்குட்டி சுலபமாக நுழைந்துவிடும். எறும்பும் அப்படித்தான். துளைகளை ஒட்டி அடைக்கவும் கூடாது, சூடு வெளியேறாது. மெல்லிய நைலான் கொசுவலையைப் பின்பக்கத்தில் தளர்வாகக் கட்டி, மாதம் ஒருமுறை எடுத்து அலசுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

இந்த இடத்தில்தான் வெளிப்புற டிவி தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. அதில் ஐபி55 என்பதுபோல் ஒரு குறி இருக்கும். முதல் எண் தூசிக்கு: 5 என்றால் வேலையைக் கெடுக்கும் அளவுக்குத் தூசி புகாது, 6 என்றால் அறவே புகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு: 4 என்றால் எப்பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும், 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சினாலும் தாங்கும். பல்லியும் எறும்பும் நுழையாது. செருகிகளுக்கு ரப்பர் மூடி இருக்கும். ஆனால் ஐபி எண் உப்பு அரிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வெயிலைப் பற்றியும் சொல்வதில்லை. முழு நிழலுக்கு, பாதி வெயிலுக்கு, நேர்வெயிலுக்கு என்று வெளிப்புற டிவிகளைத் தனித்தனியாகச் செய்கிறார்கள். முழு நிழலுக்கானதை வாங்கி வெயிலில் மாட்டினால் அதற்கும் கரிய திட்டு வரும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எப்போது 5,000 வெள்ளி கொடுக்கலாம்? மழைச்சாரல் சுவர்வரை வந்து நனைக்கிறதா என்று பார்ப்பேன். விடிகாலையில் சுழன்றடித்து வரும் சுமத்ராப் புயற்காற்று, ஒன்றே முக்கால் மீட்டர் பால்கனியைச் சில இடங்களில் முழுக்க நனைத்துவிடும். அப்படி ஒரு மழை முடிந்தவுடன் போய் டிவி வரும் இடத்துச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் சாதாரண டிவியை அங்கே மாட்ட வேண்டாம், அது ஆபத்து. தரைவீட்டின் முன்தாழ்வாரத்தில் வானம் பார்த்த சுவரைத் தவிர வேறு சுவர் இல்லை என்பவர்களுக்கும் வெளிப்புற டிவிதான் வழி. மற்றபடி, சாதாரண டிவிக்கு வெளியே மாட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அந்த இழப்பை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டு வடக்குச் சுவரை ஒரு விடிகாலை மழைக்குப் பிறகு தொட்டுப் பார்த்தோம். கம்பித் தடுப்பிலிருந்து ஒரு மீட்டர் வரை ஈரம், அதற்கு உள்ளே உலர்ந்திருந்தது. அங்கிருந்து வீட்டுச் சுவர்வரை முக்கால் மீட்டர்தான் மிச்சம். 55 அங்குல டிவியின் அகலம் 1.23 மீட்டர். ஆகவே அந்த டிவி பாதி நனையும். 43 அங்குலம் என்றாலும் அகலம் 95 சென்டிமீட்டர், இருபது சென்டிமீட்டர் ஈரப் பகுதிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு மூவரும் கொஞ்ச நேரம் நின்றோம். கடைசியில் முடிவு இப்படி ஆனது: நிர்வாகக் குழு அனுமதித்த வடிவத்தில், இருபக்கமும் தண்டவாளத்தில் ஓடும் வெளிப்புறத் திரைச்சீலை. எப்படியும் அக்கா அதைப் போடுவதாகத்தான் இருந்தார். படுக்கப் போகும்போது அதை இறக்கிவிட்டால் விடிகாலைச் சாரல் உள்ளே வராது. மாலை 6 மணி ஆட்டத்துக்கு இறக்கினால் வெயிலும் வராது.

திரைச்சீலை வந்ததும் மினி எல்இடிக்கான தேவை போய்விட்டது. அது கெட்ட தேர்வு இல்லை. திரைச்சீலை இல்லாமல், நண்பகலிலும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குப் பக்கச் சுவரில் அதுதான் பொருத்தம். வெளிச்சத்தில் வெளிப்புற டிவிக்கு நிகராக நிற்கும், விலையோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் உப்பையும் பல்லியையும் அது சாதாரண டிவியைவிட நன்றாகத் தாங்கிவிடாது. கடலோரத்தில் எப்படியும் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரும் பெட்டிக்கு இரு மடங்கு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாதாரண எல்இடியையே எடுக்கச் சொன்னேன், 55-க்குப் பதிலாக 43 அங்குலம். உட்காரும் இடம் இரண்டரை மீட்டர் தூரம்தான், போதும். அறுநூறு வெள்ளியும் ஆகவில்லை.

மாட்டும்போது செய்தவை: சுவருக்கும் டிவிக்கும் நடுவே எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விடும் தாங்கி, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து, மூடி உள்ள மழை தாங்கும் மின்செருகியை வடக்குச் சுவருக்கு இழுத்தோம். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் ஆர்சிசிபி விசை அந்த இணைப்பையும் காக்கிறதா என்று, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டோம். எச்டிஎம்ஐ செருகி எதிலும் கம்பி போடவில்லை. எல்லாம் வைஃபை வழியேதான், ஏனென்றால் அடிக்கடி செருகிப் பிடுங்கும் வாயில்தான் முதலில் பச்சை பூக்கும். அடிப்பக்கம் திறந்த துணி உறை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரத்தைப் பூட்டிவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை உறைக்குள் போடலாமா என்று அக்கா கேட்டார். திறந்த இடத்தில் அவை ஓரிரு நாளில் நிறைந்துவிடும், பயன் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் டிவியை ஓட விடுவதுதான் உள்ளே உலர வைக்கும். வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மென்துணியால் முன்னும் பின்னும் துடைக்க வேண்டும். உப்பு உலர்ந்த துணிக்குப் போகாது.

எதைக் கவனிக்க வேண்டும் என்று அத்தானிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரையில் நெட்டுக்குத்தாக மெல்லிய கோடு தோன்றி, டிவி சூடானதும் மறைந்தால், திரைக்குப் போகும் பட்டைக் கம்பியின் முனை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். போட்டவுடன் வராமல் நாலைந்து முறை சிமிட்டிவிட்டு வந்தால் மின்பலகையைச் சந்தேகிக்க வேண்டும். மழை இரவுகளில் மட்டும் ஆர்சிசிபி விசை விழுந்தால், மறுபடி தூக்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு ஐபிஎல் முடிந்துவிட்டது. போன மாதம் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பட்டைக் கம்பிகள் பளபளவென்றுதான் இருந்தன. கடல் பக்கம் பார்த்த ஓரத்தில் இரண்டு திருகுகளின் தலையில் மட்டும் பழுப்பு ஏறியிருந்தது. டிவியோடு வந்த திருகுகள் அவை. மாற்றிவிட்டு, கொசுவலையை அலசிக் கட்டினேன்.